40 நிமிடம், 48 பிள்ளைகள்: உடற்கல்வி ஆசிரியரின் முதல் விண்ணப்பக் கடிதம்

பிழைப்புக்காகப் பெருநகரங்களில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பி.பி.எட். படித்து முடித்துவிட்டு முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுத அமர்ந்திருக்கும் மகனோ மகளோ உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். சுவரில் பதக்கங்கள் தொங்குகின்றன. கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஆனாலும் பத்துப் பள்ளிகளுக்குக் கடிதம் அனுப்பி ஒரு பள்ளியும் நேர்முகத்துக்கு அழைக்கவில்லை என்ற வருத்தம் பல வீடுகளில் கேட்கிறது. வேலைக்கு ஆட்களே தேவையில்லை என்பது இதன் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பல வேளைகளில் கடிதம் சொல்வது ஒன்றாகவும், அதைப் படிக்கும் முதல்வர் தேடுவது வேறொன்றாகவும் இருக்கிறது.

முதலில் ஓர் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கும் கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கும் நிரந்தர ஆசிரியர்கள் அறிவிக்கை, தேர்வு ஆகியவற்றின் வழியாகவே எடுக்கப்படுகிறார்கள். அங்கே நாம் அழகாக எழுதும் கடிதத்துக்கு வேலை இல்லை. இங்கே நாம் பேசுவது, நிர்வாகமே நேரடியாக ஆசிரியர்களை நியமிக்கும் தனியார் உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றியது. நகரத்தில் புதிதாகப் படித்து முடித்தவருக்கு முதல் வேலை பெரும்பாலும் அத்தகைய பள்ளியில்தான் கிடைக்கிறது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். பெங்களூரில் வளர்ந்த ஒரு தமிழ்ச் சகோதரி, தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் பி.பி.எட். முடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கல்லூரிக் கைப்பந்து அணியில் ஆடியவர். ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்கு உடற்கல்வி ஆசிரியை தேவை என்ற அறிவிப்பைக் கண்டு எழுதுகிறார். அவருடைய முதல் வரைவு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

“சிறுவயது முதலே விளையாட்டில் மிகுந்த ஆர்வம் உடையவள் நான். மாவட்ட அளவில் மூன்று பதக்கங்களும், பல்கலைக்கழக அளவில் இரண்டு சான்றிதழ்களும் பெற்றுள்ளேன். எனக்கு முன்னனுபவம் இல்லை. ஆயினும் கடினமாக உழைப்பேன். என் குடும்பச் சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு ஒரு வாய்ப்பு அளித்தால் தங்கள் பள்ளிக்குப் பெருமை சேர்ப்பேன்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கணக்கு ஆசிரியரோ எழுத்தரோகூடச் சிறு மாற்றங்களுடன் எழுதிவிடலாம். முதல்வருக்கு இதில் எந்த விடையும் கிடைக்கவில்லை.

முதல்வர் எதைத் தேடுகிறார்?

அந்தப் பள்ளி முதல்வரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நகரத்துப் பள்ளி, மைதானம் என்று சொல்லத்தக்கது ஒரு கூடைப்பந்துக் களத்தளவு இடம் மட்டுமே. ஒரு வகுப்பில் 48 பிள்ளைகள். 40 நிமிடப் பாடவேளை. மாடிப்படியில் இறங்கி வரவும் திரும்பி ஏறவும் ஆகும் நேரமும் அதற்குள் அடக்கம். சுற்றிலும் மற்ற வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும். ஒரு பிள்ளை விழுந்து கையை முறித்துக்கொண்டால் பெற்றோருக்கு விடை சொல்ல வேண்டியவர் முதல்வரே.

2018-19 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. வாரியம் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு உடல்நலமும் உடற்கல்வியும் கட்டாயம் என்று அறிவித்து, அதற்காக நாள்தோறும் ஒரு பாடவேளை ஒதுக்கச் சொன்னது. ஆகவே உடற்கல்வி ஆசிரியர் என்பவர் ஆண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடத்தித் தருபவர் மட்டும் அல்லர். அணியில் இடம் பெறும் 12 பேரை மட்டும் அல்லாமல், பந்தைக் கண்டாலே ஒதுங்கி நிற்கும் மற்ற 36 பேரையும் நாள்தோறும் இயங்கச் செய்ய வேண்டியவர் அவர்.

எனவே முதல்வரின் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றே: “இந்தச் சிறிய இடத்தில், இந்த 40 நிமிடத்தில், இந்த 48 பிள்ளைகளையும் இவர் பத்திரமாகவும் பயனுள்ளதாகவும் வைத்திருப்பாரா?” பதக்கம் இதற்கு விடை அன்று. நன்றாக ஆடுவது ஒரு திறமை. ஆடத் தெரியாத பிள்ளைக்கு ஆடக் கற்றுக்கொடுப்பது வேறொரு திறமை. விண்ணப்பக் கடிதம் இரண்டாவது திறமைக்குச் சான்று காட்ட வேண்டும்.

“முன்னனுபவம் இல்லை” என்பது உண்மையா?

“எனக்கு அனுபவம் இல்லை” என்று எழுதுவது பணிவாகத் தோன்றும். ஆனால் பி.பி.எட். முடித்த எவருக்கும் அது முழு உண்மை ஆகாது. படிப்பின் ஒரு பகுதியாகப் பள்ளிக்குச் சென்று, பாடத்திட்டம் எழுதி, மேற்பார்வையாளர் முன்னிலையில் வகுப்பு எடுத்திருக்கிறீர்கள். அந்தக் கற்பித்தல் பயிற்சியே உங்கள் அனுபவம். நீங்கள் எழுதிய பாடத்திட்டப் பதிவேடு, மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு உங்களிடமே இருக்கிறது. அதைத் திறந்து, மிக நன்றாக நடந்த ஒரு பாடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடிதத்தின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஒரு பாடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

நம் சகோதரி 8 ஆம் வகுப்புக்குக் கைப்பந்தில் அண்டர்ஆர்ம் பாஸ் கற்பித்திருந்தார். 48 பிள்ளைகள், ஆறு பந்துகள், ஒரு கூடைப்பந்துக் களம். வழக்கம்போல் வலையைக் கட்டி ஆட விட்டிருந்தால், பக்கத்துக்கு ஆறு பேராக 12 பேர் ஆடியிருப்பார்கள். 36 பேர் ஓரமாக நின்றிருப்பார்கள். அவர் வலையைக் கட்டவில்லை. வகுப்பை எட்டுப் பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஏறத்தாழ 5 மீட்டர் அகலமுள்ள வட்டத்தில் நிறுத்தி, குழுவுக்கு ஒரு பந்து கொடுத்தார். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. நீளவாக்கில் மூன்று வட்டம், அகலவாக்கில் இரண்டு வட்டம் என்று அமைத்தால், வட்டங்களுக்கு இடையில் இரண்டரை மீட்டராவது இடைவெளி இருக்கும். ஒரு குழுவின் பந்தைத் துரத்துபவர் அடுத்த குழுவின்மீது மோதாமல் இருக்க அது உதவும்.

முதல் நாளில் வரிசை அமைத்துப் பெயர் பார்ப்பதற்கே 9 நிமிடம் போயிற்று. பிறகு குழுத்தலைவர்களை ஏற்படுத்தி, ஒவ்வொரு குழுவும் நேராகத் தன் இடத்துக்கே வந்து நிற்க வேண்டும் என்று பழக்கினார். ஆறாவது பாடத்தில் அந்த வேலை 3 நிமிடத்தில் முடிந்தது. முதல் பாடத்தின் முடிவில், பந்தைக் கீழே விடாமல் தொடர்ந்து ஐந்து முறை தட்டியவர்கள் 14 பேர்; ஆறாவது பாடத்தின் முடிவில் 31 பேர்.

வாசகரே, இந்த நான்கு எண்களைக் கவனியுங்கள். ஒரு பதக்கம்கூட இதில் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் முதல்வருக்கு அந்த வகுப்பு கண்முன்னே தெரிகிறது. மீதமுள்ள 17 பேருக்கு இன்னும் வரவில்லை என்பதும் சொல்லாமலே விளங்குகிறது. அதை மறைக்காதது கடிதத்தின் மற்ற பகுதிகளையும் நம்பத் தூண்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பதிவேட்டில் குறித்து வைத்த எண்களை மட்டுமே கடிதத்தில் எழுத வேண்டும். “அந்தப் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள்” என்று நேர்முகத்தில் கேட்பது மிக எளிது. எண்கள் குறிக்கப்படாமல் போயிருந்தால், என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள்.

தகுதியை எழுதும் முறை

கடிதத்தின் முதல் பத்தி தகுதிக்கு உரியது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய, இப்போது நந்தனத்தில் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் பெயரை நாட்டின் பல பகுதிகளில் அறிவார்கள். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் படிக்கும் மாவட்டக் கல்லூரியின் பெயர் பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள முதல்வருக்குத் தெரிந்திருக்காது. எனவே கல்லூரியின் பெயரோடு அது இணைந்துள்ள பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரையும், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டு என்பதையும் எழுதுங்கள். அந்தக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு பி.பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று, அதற்கு முன் அது ஓராண்டுப் படிப்பு. எனவே “இரண்டாண்டு” என்று குறிப்பிடுவது நன்று.

தேர்வு எழுதி முடிவு வராதிருந்தால், “முடிவை எதிர்நோக்குகிறேன்” என்றே எழுத வேண்டும். முடிவு வந்து பட்டமளிப்பு நடைபெறாதிருந்தால், தற்காலிகச் சான்றிதழ் இருப்பதைச் சொன்னால் போதும். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்தவர்கள் சிலர், “என்.ஐ.எஸ். பயிற்சியாளர்” என்று சுருக்கமாக எழுதிவிடுகிறார்கள். அதே நிறுவனம் முழுநீளப் பட்டயப் படிப்பும் நடத்துகிறது என்பதை அறிந்த முதல்வர், எது என்று கேட்பார். அந்தக் கேள்வி எழும்போதே நம்பிக்கை குறையத் தொடங்கிவிடும். அதுபோல, போட்டியில் கலந்துகொண்டதற்கான சான்றிதழை வெற்றிச் சான்றிதழாக எழுதுவதும் வேண்டாம்.

பதக்கங்களை முற்றிலும் விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். நீங்கள் ஆடிய உயர்ந்த நிலை எதுவோ அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மற்றவை தன்விவரக் குறிப்பில் இருக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பத்தி

புதியவர்களின் கடிதங்களில் எளிதாக விடுபட்டுப் போகும் பகுதி இது. ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, அண்மையில் எலும்பு முறிவு ஆகியவை உள்ள பிள்ளைகளின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொண்ட பிறகே பாடம் தொடங்குவது நல்ல உடற்கல்வி ஆசிரியரின் பழக்கம். அந்தப் பிள்ளைகளை வெறுமனே உட்கார வைக்காமல், அவரவரால் இயன்ற வேலையைக் கொடுப்பதும் அதனுடன் சேர்ந்தது. இதை நீங்கள் செய்திருந்தால் எழுதுங்கள். முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்தால், எந்த ஆண்டு, யாரிடம் என்பதைக் குறிப்பிடுங்கள்.

உடற்கல்வியில் பிள்ளைகளைத் தொட்டுத் திருத்த வேண்டிய தருணங்கள் வரும். உருளும்போது தோளைத் தாங்குவது, தாண்டும்போது பிடித்துக்கொள்வது போன்றவை அவை. போக்சோ சட்டம் 2012-ல் வந்த பிறகு பள்ளிகள் இதில் மிகுந்த கவனத்தோடு இருக்கின்றன. 2017-ல் சி.பி.எஸ்.இ. வாரியம் தன் பள்ளிகளின் ஊழியர் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்யும்படி அறிவுறுத்தியது. ஆகவே, “காவல்துறைச் சரிபார்ப்புக்குத் தேவையான ஆவணங்கள் என்னிடம் ஆயத்தமாக உள்ளன” என்ற ஒரு வாக்கியம், குறிப்பாக இளைஞர்கள் எழுதும் கடிதத்தில், முதல்வரின் ஒரு கவலையைக் குறைக்கும்.

சான்று கூறுபவர் யார்?

நம் பிள்ளைகள் பலர் சபைப் போதகரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி இணைக்கிறார்கள். அவர் உங்களைச் சிறுவயது முதல் அறிந்தவர்தாம். ஆனால் நீங்கள் வகுப்பு எடுத்ததை அவர் பார்த்ததில்லை. முதல்வர் தொலைபேசியில் அழைத்து, “இவர் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்?” என்று கேட்கக்கூடிய இருவரின் பெயர்கள் தேவை: ஒருவர் உங்கள் பயிற்சி மேற்பார்வையாளர், மற்றவர் பயிற்சி எடுத்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். இருவரிடமும் முன்னதாகவே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். போதகரின் சான்றைத் தனியே வைத்திருந்து, கேட்டால் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் வீட்டில் கேள்வி எழும். பள்ளிகளுக்கு இடையேயான போட்டிகள் சனி, ஞாயிறுகளில் நடப்பது உண்டு. அணியோடு செல்ல வேண்டியவர் உடற்கல்வி ஆசிரியர். “ஞாயிறு ஆராதனைக்குச் செல்ல வேண்டும், ஆகையால் வர இயலாது” என்ற நிபந்தனையோடு கடிதத்தைத் தொடங்க வேண்டியதில்லை. அதே வேளையில், “எந்த நாளிலும் எந்த நேரத்திலும் பணிபுரிவேன்” என்று, காக்க முடியாத வாக்கையும் கொடுக்க வேண்டாம். ஆண்டுக்கு எத்தனை ஞாயிறுகள் வரும், வேறு ஆசிரியர் மாறி மாறிச் செல்ல வழி உண்டா என்பதை நேர்முகத்தில் தெளிவாகக் கேட்டு, நியமன ஆணையில் கையொப்பம் இடுவதற்கு முன் முடிவு செய்யுங்கள்.

திருத்திய கடிதம்

இனி நம் சகோதரியின் கடிதம் எவ்வாறு அமைகிறது என்று பாருங்கள். ஆங்கிலவழிப் பள்ளிக்கு இது ஆங்கிலத்தில்தான் செல்லும். பொருள் விளங்கும்படி இங்கே தமிழில் தருகிறோம். புள்ளியிட்ட இடங்களில் அவரவர் விவரங்களை எழுதிக்கொள்ளலாம்.

பொருள்: உடற்கல்வி ஆசிரியை பணியிடம் (6 முதல் 10 வரையுள்ள வகுப்புகள்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் காலியாக உள்ள உடற்கல்வி ஆசிரியை பணியிடத்திற்கு விண்ணப்பிக்கிறேன். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ……… கல்லூரியில், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டு பி.பி.எட். படிப்பை இவ்வாண்டு முதல் வகுப்பில் முடித்துள்ளேன். தற்காலிகச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது. கல்லூரிக் கைப்பந்து அணியில் இரண்டு ஆண்டுகள் ஆடியுள்ளேன்.

கற்பித்தல் பயிற்சியின்போது ……… உயர்நிலைப் பள்ளியில், 8 ஆம் வகுப்பு மாணவர் 48 பேருக்குக் கைப்பந்தில் ஆறு பாடங்கள் நடத்தினேன். இடம் ஒரு கூடைப்பந்துக் களம், பந்துகள் ஆறு. எட்டுப் பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்ததால் அனைவரும் ஒரே நேரத்தில் பயிற்சி பெற முடிந்தது. வகுப்பை ஒழுங்குபடுத்த முதல் பாடத்தில் 9 நிமிடமும், ஆறாவது பாடத்தில் 3 நிமிடமும் ஆயின. பந்தைத் தொடர்ந்து ஐந்து முறை கட்டுப்படுத்தக்கூடியவர்கள் 14 பேரிலிருந்து 31 பேராக உயர்ந்தனர்.

ஒவ்வொரு பாடத்துக்கும் முன் உடல்நலக் குறைபாடுள்ள மாணவர்களின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் பெற்றேன். ஆஸ்துமா உள்ள இருவர், ஓட்டத்தின் அளவைக் குறைத்து, முழுப் பாடத்திலும் பங்கேற்றனர். ……… ஆம் ஆண்டில் முதலுதவிப் பயிற்சி பெற்றுள்ளேன். காவல்துறைச் சரிபார்ப்புக்கு வேண்டிய ஆவணங்கள் ஆயத்தமாக உள்ளன.

கைப்பந்து, கபடி, தடகளம் ஆகியவற்றை நானே செய்து காட்டிக் கற்பிக்க முடியும். கூடைப்பந்தில் அடிப்படைத் திறன்கள் வரை கற்பிப்பேன். நான் பெங்களூரில் வளர்ந்தவள், கன்னடம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் பேசுவேன், இந்தி புரியும்.

தாங்கள் விரும்பினால், தங்கள் மைதானத்தில் ஒரு வகுப்புக்கு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட ஆயத்தமாக உள்ளேன். பாடத்திட்டப் பதிவேட்டையும் உடன் கொண்டு வருவேன்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, ………

கடிதம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. குடும்பச் சூழ்நிலை பற்றிய வாக்கியம் இல்லை. கடின உழைப்பு என்ற சொல்லும் இல்லை. கூடைப்பந்தில் தன் எல்லையை அவரே சொல்லிவிட்டார். கன்னடம் தெரியும் என்ற வாக்கியமும் வீண் அன்று. மைதானத்தில் விசில் ஊதி “நில்” என்று சொல்லும்போது, 48 பிள்ளைகளுக்கும் உடனே புரிய வேண்டும் அல்லவா?

அனுப்பிய பின்

மாதிரிப் பாடம் நடத்த முன்வந்த பிறகு, அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். அழைப்பு வந்தால், மைதானத்தின் அளவு, பந்துகளின் எண்ணிக்கை, மாணவர் எத்தனை பேர், எந்த வகுப்பு ஆகிய நான்கையும் அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வகுப்பறைக்குள் நடத்தத்தக்க மாற்றுப் பாடம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

நேர்முகத்தில் எளிய கணக்கும் கேட்கப்படலாம். “எங்களிடம் 12 பிரிவுகள் உள்ளன. பிரிவுகளுக்கு இடையே கைப்பந்துப் போட்டி நடத்த எத்தனை ஆட்டங்கள் ஆகும்?” தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறையானால், பிரிவுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக 11 ஆட்டங்கள், முதல் சுற்றில் நான்கு பிரிவுகளுக்கு பை கிடைக்கும். எல்லாரும் எல்லாரோடும் ஆடும் லீக் முறையானால் 66 ஆட்டங்கள். 11 ஆட்டங்களை இரண்டு வார மாலைகளில் முடித்துவிடலாம்; 66 ஆட்டங்களுக்குப் பருவம் முழுவதும் தேவைப்படும். ஆனால் நாக்-அவுட் முறையில் குறைந்தது நான்கு பிரிவுகள் ஒரே ஆட்டத்தோடு வெளியேறிவிடும். ஆகவே 12 பிரிவுகளையும் மூன்று மூன்றாக நான்கு குழுக்களாக்கி, குழுவுக்குள் லீக் முறையிலும், பின்பு குழு வெற்றியாளர்களுக்குள் நாக்-அவுட் முறையிலும் நடத்தினால், 12 ஆட்டங்களும் 3 ஆட்டங்களும் சேர்ந்து 15 ஆட்டங்கள் ஆகும். எந்தப் பிரிவும் இரண்டு ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடும். இந்த விடையைச் சொல்பவர், அனைத்துப் பிள்ளைகளையும் ஆட வைப்பேன் என்று கடிதத்தில் எழுதியதை அங்கேயே மெய்ப்பிக்கிறார்.

இன்று மாலை உங்கள் மகனையோ மகளையோ அந்தப் பழைய பாடத்திட்டப் பதிவேட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். எந்தப் பாடம் நன்றாக நடந்தது, எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், எத்தனை பந்துகள் இருந்தன, முதல் நாள் என்ன தடுமாற்றம், கடைசி நாள் என்ன மாற்றம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே குறித்துக்கொண்டாலும் போதும். கடிதத்தின் இரண்டாவது பத்தி அதிலேயே கிடைத்துவிடும்.